தேவாரப் பதிவுக்குத் தவறான காப்பிரைட் கிளைம் வந்தால் என்ன செய்வது: படிப்படியாக

“ஏன் தம்பி, சம்பந்தர் பாட்டுக்கு எவனோ உரிமை கேக்குறானாமே?” என்று ஓதுவார் ஐயா போனில் கேட்டபோது என்னிடம் சரியான பதில் இல்லை. அவர் பாடிய ‘தோடுடைய செவியன்’ பதிகத்தை முந்தின நாள் மாலைதான் எங்கள் சேனலில் ஏற்றியிருந்தேன். காலையில் மெயிலைத் திறந்தால் யூடியூபிலிருந்து இரண்டு அறிவிப்புகள். ஒன்றில் ஏதோ ஒரு தியான இசை ஆல்பத்தின் பெயர் இருந்தது. இன்னொன்றில் வேறொருவர் பாடிய தேவார ஆல்பம்.

இரண்டும் நீங்க ஒரு மாதம் ஆனது. அதில் சில நாட்கள் என் தவறாலேயே வீணாயின. ஏழாம் நூற்றாண்டுப் பாட்டுக்கு யார் உரிமை கேட்க முடியும் என்ற கோபத்தில், கிளைம் எதன் மேல் வந்திருக்கிறது என்று பார்க்காமலே பதில் எழுதிவிட்டேன். பாட்டு பழையது என்பது உண்மைதான். ஆனால் வந்த கிளைம்களில் ஒன்று பாட்டின் மேலேயே இல்லை. அதனால் இந்தக் கட்டுரையில், பட்டனை அமுக்குவதற்கு முந்தைய வேலையைத்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில்: வந்திருப்பது கிளைமா, ஸ்ட்ரைக்கா?

இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பயந்து வீடியோவையே அழித்துவிடுபவர்கள் உண்டு. யூடியூபின் Content ID என்ற தானியங்கி முறை, நாம் ஏற்றும் ஒவ்வொரு வீடியோவையும் உரிமையாளர்கள் கொடுத்து வைத்திருக்கும் மாதிரிக் கோப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. எங்காவது ஒத்துப்போனால் அது போடுவதுதான் கிளைம். அதனால் அந்த ஒரு வீடியோவின் விளம்பர வருமானம் கிளைம் போட்டவருக்குப் போகலாம், அல்லது வீடியோ சில நாடுகளில் தெரியாமல் போகலாம், அல்லது அவர் பார்வை எண்ணிக்கையை மட்டும் கவனித்துக்கொண்டிருக்கலாம். சேனலுக்கு நேரடியாக ஆபத்து இல்லை.

ஸ்ட்ரைக் வேறு. உரிமையாளர் என்று சொல்லிக்கொள்பவர் சட்டப்படி வீடியோவை நீக்கச் சொல்லிக் கேட்டு, யூடியூப் அதை ஏற்றால் வருவது அது. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் வந்தால் சேனலே போய்விடும். கிளைமை மறுக்கும் வழியில் தவறாக நடந்தால் அது ஸ்ட்ரைக்காக மாறவும் இடம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். மெயிலில் Content ID claim என்று இருந்தால் பதற்றப்படாமல் மேலே படியுங்கள்.

பாட்டில் மூன்று அடுக்கு இருக்கிறது

ஒரு பக்திப்பாடல் பதிவில் சொல் ஒன்று, மெட்டு ஒன்று, ஒலிப்பதிவு ஒன்று. மூன்றுக்கும் தனித்தனி உரிமை. இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

தேவாரத்தின் சொல்லுக்கு இன்று யாருக்கும் பதிப்புரிமை கிடையாது. வள்ளலாரின் அருட்பாவுக்கும் அப்படித்தான். வேதநாயகம் சாஸ்திரியார் 1864இல் மறைந்தவர், அவருடைய கீர்த்தனைகளுக்கும் இதே நிலைதான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, எழுதியவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் வரை உரிமை இருக்கும். இதை வைத்துப் பார்த்தால் பக்திப்பாட்டு என்பதாலேயே எல்லாம் பொதுச்சொத்து ஆகிவிடாது என்பதும் தெரியும். பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார். அவருடைய கீர்த்தனைகளுக்கு 2033 முடியும் வரை உரிமை உண்டு. “சாமி பாட்டுதானே” என்பது அங்கே செல்லாது.

மெட்டு கொஞ்சம் வழுக்கும். தேவாரத்துக்குப் பண் இருக்கிறது. ‘தோடுடைய செவியன்’ நட்டபாடைப் பண், ஓதுவார்கள் வழிவழியாகப் பாடிவருவது. அதை யாரும் சொந்தமாக்க முடியாது. ஆனால் அதே பதிகத்துக்கு ஒரு இசையமைப்பாளர் பத்து வருடம் முன்பு புதிதாக மெட்டுப் போட்டிருந்தால் அந்த மெட்டு அவருடையது. சொல் பழையது, மெட்டு புதியது. கேட்டுக் கேட்டு அந்தப் புது மெட்டுதான் நம் காதில் ‘ஒரிஜினல்’ போல உட்கார்ந்திருக்கும். கவசங்கள், போற்றிகள் விஷயத்தில் இது அடிக்கடி நடக்கிறது.

மூன்றாவது ஒலிப்பதிவு. யார் பதிவு செய்தார்களோ அவர்களுக்கு அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு உரிமை. நம் மண்டபத்தில் நம் மைக்கில் பதிந்தால் அது நம்முடையது. யாரோ பாடிய பழைய கேசட்டை ஏற்றினால் அது நம்முடையதல்ல, பாட்டு எத்தனை பழையதானாலும். இந்தக் கட்டுரை சொந்தமாகப் பதிவு செய்பவர்களுக்கு மட்டும். கேசட்டையும் இசைத்தட்டையும் ஏற்றுபவர்களுக்கு இது உதவாது. அமெரிக்கச் சட்டத்தில் பழைய ஒலிப்பதிவுகளுக்குக் காலக் கணக்கே வேறு.

கிளைம் எந்த அடுக்கின் மேல் என்று காதால் பாருங்கள்

கணினியில் YouTube Studio திறந்து, இடப்பக்கம் Content என்ற பகுதிக்குப் போங்கள். வீடியோ பட்டியலில் Restrictions என்ற வரிசை இருக்கும். அதில் Copyright என்று இருக்கும் இடத்தில் சுட்டியை வைத்தால் See details வரும். அதைத் திறந்தால் கிளைம் ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயங்கள் தெரியும்: எந்தப் படைப்போடு ஒத்துப்போனதாகச் சொல்கிறார்கள், யார் சார்பில் கிளைம், நம் வீடியோவில் எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை.

அந்த மூன்றாவதுதான் தங்கம். ஹெட்போன் போட்டுக்கொண்டு அந்த இடத்தை மட்டும் கேளுங்கள்.

எங்கள் வீடியோ சுமார் 12 நிமிடம், பதினொரு பாட்டு. முதல் கிளைம் 0:00 முதல் 0:47 வரைக்கும், கடைசியில் அரை நிமிடத்துக்கும். ஐயா வாயைத் திறப்பதே 0:48இல்! அதாவது கிளைம் வந்த இடத்தில் சம்பந்தரும் இல்லை, ஓதுவாரும் இல்லை. மின்தம்பூராப் பெட்டியின் ஒலி மட்டும். ஒன்றரைக் கட்டை, ப ஸ ஸ ஸ என்று சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது.

பிறகு அந்தத் தியான ஆல்பத்தைத் தேடிக் கேட்டேன். அதுவும் ஒன்றரைக் கட்டை. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மந்தர ஸட்ஜமத்தில் ஒரு சின்ன அதிர்வு, நூல் லேசாகத் தட்டுவது போல. எங்கள் பெட்டியிலும் அதே இடத்தில் அதே அதிர்வு. இரண்டு பேரும் ஒரே வகைப் பெட்டி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். இப்படிப்பட்ட பெட்டிகள் ஏற்கெனவே பதிந்த தம்பூரா ஒலியைத் திரும்பத் திரும்ப ஒலிப்பவை. ஒரே கட்டையில் வைத்தால் ஊரெல்லாம் ஒரே ஒலிதான். இயந்திரத்தால் அதை வேறுபடுத்த முடியவில்லை.

இது நம் ஊர் விசித்திரம் மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஒரு இசைக்கலைஞர் ஏற்றியிருந்த பத்து மணி நேர வெறும் இரைச்சல் வீடியோவுக்கு ஐந்து கிளைம் வந்தது 2018இல் செய்தியானது. மாறாமல் ஒரே மாதிரி ஒலிக்கும் எதுவும் இப்படி மாட்டும்.

இரண்டாவது கிளைம் 1:05 முதல் 2:10 வரை. இங்கே ஐயாவின் குரல் இருக்கிறது. ஒத்துப்போனதாகச் சொல்லப்பட்ட ஆல்பத்தில் பாடியிருப்பவர் வேறொருவர், கட்டையும் வேறு, கூடவே வயலின், மிருதங்கம். குரல் வேறு, வாத்தியம் வேறு, ஆனால் ஒத்துப்போனது என்கிறது. அப்படியானால் பதிவு ஒத்துப்போகவில்லை, மெட்டுதான் ஒத்துப்போயிருக்கிறது. Content ID மெட்டையும் ஒப்பிடும். இரண்டு பேரும் ஒரே பண்ணில் ஒரே பதிகத்தைப் பாடினால் ஒத்துப்போகாமல் எப்படி இருக்கும்?

ஆக ஒரே வீடியோவில் இரண்டு கிளைம், இரண்டும் வெவ்வேறு அடுக்கில். பதிலும் வெவ்வேறாகத்தான் இருக்க வேண்டும்.

மறுக்கும் முன் நம் பக்கத்தைச் சரிபார்க்கவும்

கிளைம் சில நேரம் சரியாகவும் இருக்கும். பாடியவரிடமும் பதிவு செய்த ஸ்டுடியோவிடமும் கேட்காமல் மறுக்க வேண்டாம்.

பாடியவரிடம் கேட்க வேண்டியது: “ஐயா, இந்த மெட்டு யாரிடம் பாடம் பண்ணினது?” எங்கள் ஓதுவார் ஐயா தேவார பாடசாலையில் கற்றவர், ஆசிரியர் சொல்லிக்கொடுத்த பண்முறைப்படியே பாடுகிறார். பிரச்சினை இல்லை. அவரே “கேசட்ல கேட்டுப் பிடிச்சுக்கிட்டதுதாம்ப்பா” என்று சொல்லியிருந்தால் நான் அந்த இரண்டாவது கிளைமை அப்படியே விட்டிருப்பேன். அவர் முன்பு எந்தக் கம்பெனிக்காவது பாடிக்கொடுத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். அப்போது என்ன எழுதிக்கொடுத்தார் என்பது பல பேருக்கு நினைவே இருக்காது.

ஸ்டுடியோவில் பதிவு செய்தவர்கள் கீபோர்டுக்காரரிடம், “பின்னணி டிராக் நீங்களே வாசித்ததா, எங்கிருந்தாவது எடுத்ததா?” என்று கேளுங்கள். ஒரே லூப்பைப் பத்து ஆல்பத்துக்குப் போட்டுக்கொடுப்பது சகஜம். அந்தப் பத்தில் ஒன்று Content IDக்குப் போயிருந்தால் மீதி ஒன்பது பேருக்கும் கிளைம் வரும். பலர் பயன்படுத்தும் லூப்பை மாதிரிக் கோப்பாகக் கொடுக்கக் கூடாது என்பது யூடியூபின் விதி. தனக்கு மட்டுமே உரிமையுள்ளதைத்தான் கொடுக்கலாம். விதி இருக்கிறது, நடப்பது வேறு.

இதோடு பாடியவரிடமும் வாசித்தவரிடமும் ஒரு பக்கக் கடிதம் வாங்கி வையுங்கள்: இன்ன தேதியில், இன்ன இடத்தில், இன்ன பதிகத்தை இந்தச் சேனலுக்காகப் பாடினேன், இதை இணையத்தில் வெளியிடச் சம்மதம் என்று. பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் நம் சட்டத்தில் தனியாக நிகழ்த்துநர் உரிமை இருக்கிறது, அதனால் இது வெறும் சம்பிரதாயம் இல்லை. பதிவுக் கருவியிலிருந்து வந்த வெட்டாத மூலக் கோப்பை அழிக்காமல் வையுங்கள். மண்டபத்தில் மைக் முன்னால் ஐயா உட்கார்ந்திருப்பதை போனில் எடுத்த பத்து விநாடித் துண்டு இருந்தால் இன்னும் நல்லது.

காரணத்தைத் தேர்ந்தெடுப்பது: நான் சறுக்கிய இடம்

கிளைமின் பக்கத்தில் நமக்குப் பல வழிகளைக் காட்டும். அந்தப் பகுதியை வெட்டிவிடலாம், ஒலியை நிறுத்தலாம், வேறு பாட்டுப் போடலாம். தம்பூரா மட்டும் ஒலிக்கும் முதல் 47 விநாடியையும் கடைசி அரை நிமிடத்தையும் வெட்டியிருந்தால் முதல் கிளைம் அன்றைக்கே தீர்ந்திருக்கும். அவசரம் என்றால் அது மோசமான வழி இல்லை. ஆனால் பாட்டின் அடியிலும் அதே தம்பூரா ஒலித்துக்கொண்டிருக்கிறது, அடுத்த வாரப் பதிகத்திலும் ஒலிக்கும். அதனால் மறுப்பது என்று முடிவு செய்தேன். அதற்கான வழி Dispute.

உள்ளே போனால் காரணம் கேட்கும். நமக்கு வேண்டியவை இவை. Original content: எல்லாம் என் சொந்தம். License: அனுமதி வாங்கியிருக்கிறேன். Public domain: உரிமைக்காலம் முடிந்தது. இவற்றோடு நியாயமான பயன்பாடு என்ற சட்டவிலக்கும் ஒன்று, Fair use என்று இருக்கும்.

முதல் கிளைமுக்கு நான் Public domain போட்டேன். ஏழாம் நூற்றாண்டுப் பாடல், சைவத் திருமுறையில் முதல் திருமுறை, முதல் பதிகம் என்று நீளமாக எழுதினேன். ஒன்பதாவது நாள் மறுப்பு நிராகரிக்கப்பட்டது. இப்போது யோசித்தால் அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. அவர்கள் கேட்டது அவர்கள் தம்பூரா ஒலிப்பதிவைப் பற்றி, நான் சொன்ன பதில் சம்பந்தரைப் பற்றி. அந்த ஒலிப்பதிவு பழையது இல்லையே! நான் போட்டிருக்க வேண்டியது Original content. அந்த 47 விநாடி எங்கள் பெட்டியை எங்கள் மைக்கில் பதிந்தது. பெட்டி ஒரு வாத்தியம், வாசித்துப் பதிந்தவர் நாம். பெட்டிக்குப் பதிலாக போனில் தம்பூரா ஆப் வைத்திருந்தால், அந்த ஆப்பின் விதிமுறையில் பதிவுகளில் பயன்படுத்தலாம் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் License பொருந்தும்.

இரண்டாவது கிளைம் மெட்டின் மேல். அதற்கு Public domain சரி. சொல்லும் பண்ணும் பொது, குரல் நம்முடையது.

Fair use பக்கம் போகவே வேண்டாம். அதைத் தேர்ந்தெடுப்பது “உங்களுடையதைத்தான் எடுத்தேன், ஆனால் நியாயமான அளவில் எடுத்தேன்” என்று ஒப்புக்கொள்வது. சொந்தப் பதிவுக்கு அது தன் காலைத் தானே வெட்டிக்கொள்வது. மதச் சடங்கில் பாடினால் குற்றமில்லை என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருப்பதைச் சிலர் மேற்கோள் காட்டுவார்கள். 52ஆம் பிரிவில் அப்படி இருப்பது உண்மை. அது கோயிலில் சடங்கின்போது பாடுவதற்கு. பதிந்து உலகம் முழுவதும் காட்டுவதற்கு அதை இழுக்க முடியாது.

எழுத வேண்டிய பத்தி

அங்கே ஒரு எழுத்துப் பெட்டிதான் இருக்கும். கடிதம், மூலக் கோப்பு எல்லாம் கையில் இருப்பதாக அதில் சொல்லலாம். படிப்பவர் ஒரு விநியோக நிறுவனத்தின் ஊழியராக இருக்கலாம், தமிழ் தெரியாதவராக இருக்கலாம். அதனால் எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள், வேண்டுமானால் கீழே தமிழிலும் சேருங்கள். கோபம், சிவபெருமான், கம்பெனிக்காரர்களின் பேராசை, எதுவும் வேண்டாம். நேரம், பொருள், யார் பதிந்தது, எதனால் ஒத்துப்போனது, இவை போதும்.

தம்பூராவுக்கு நான் அப்பீலில் மாற்றி எழுதியது ஏறக்குறைய இப்படி:

“0:00–0:47 பகுதியில் கேட்பது மின்தம்பூராக் கருவியின் ஒலி மட்டுமே. குரலோ பாடலோ இல்லை. இந்தக் கருவி எங்களுடையது. நாங்களே இன்ன தேதியில் கோயில் மண்டபத்தில் பதிவு செய்தோம். பின்னணியில் 0:21இல் கோயில் மணியும் 0:35இல் புறாக்கள் பறக்கும் ஒலியும் கேட்கும். உங்கள் பதிவில் அவை இல்லை. உங்கள் ஆல்பத்திலும் இதே வகைக் கருவி, இதே சுருதியில் ஒலிப்பதால் தானியங்கி முறை இரண்டையும் ஒன்றாகக் கருதியிருக்கிறது. உங்கள் ஒலிப்பதிவின் எந்தப் பகுதியையும் நாங்கள் பயன்படுத்தவில்லை. வெட்டாத மூலப் பதிவு எங்களிடம் இருக்கிறது. கிளைமை விடுவிக்கவும், இந்தத் தம்பூராப் பகுதியை உங்கள் மாதிரிக் கோப்பிலிருந்து விலக்கவும் கேட்டுக்கொள்கிறோம்.”

மணியும் புறாவும்தான் வேலை செய்தன என்று நம்புகிறேன். எதிரில் இருப்பவர் கேட்டுப் பார்த்து ஐந்து விநாடியில் முடிவு செய்ய முடிகிற ஒன்றைக் கொடுக்க வேண்டும். கடைசி வாக்கியமும் முக்கியம். மாதிரிக் கோப்பு அப்படியே இருந்தால் அடுத்த பதிகத்துக்கும் கிளைம் வரும்.

மெட்டுக்கு எழுதியது இதைவிடச் சின்னது. பாடல் ஏழாம் நூற்றாண்டு, பண் நட்டபாடை, ஓதுவார் மரபில் எல்லோரும் பாடுவது. உங்கள் ஆல்பத்துக்கு முந்தைய இன்னின்ன பதிவுகளிலும் இதே மெட்டு இருக்கிறது. பாடியவர் வேறு, வாத்தியம் இல்லை, பதிவு எங்களுடையது. முந்தைய பதிவுகளைத் தேடி எடுப்பதற்கு ஒரு மாலை நேரம் ஆனது. வேறு பாடகர்கள் பாடிய இரண்டு பதிவுகளின் இணைப்பும், நிமிடக் கணக்கும் போட்டேன்.

கடைசியில் முழுப் பெயரைக் கையெழுத்தாகத் தட்டச்சு செய்யச் சொல்லும். சேனல் பெயரைப் போடாதீர்கள், சட்டப்படியான உங்கள் பெயர். ஒரு வீடியோவில் இரண்டு கிளைம் என்றால் இரண்டு முறை தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

நாள் கணக்கு

மறுப்பை அனுப்பியதிலிருந்து எதிர்த்தரப்புக்கு 30 நாள். அதற்குள் கிளைமை விடுவிக்கலாம், நிராகரிக்கலாம், அல்லது நேரடியாக வீடியோவை நீக்கக் கோரலாம். எதுவும் செய்யாமல் இருந்தால் 30 நாளில் கிளைம் தானாகக் காலாவதியாகும். எங்கள் மெட்டுக் கிளைம் அப்படித்தான் போனது, ஒருவரும் பதில் சொல்லவில்லை.

விளம்பர வருமானம் வரும் சேனல் என்றால் ஐந்து நாளை மறக்காதீர்கள். கிளைம் வந்த ஐந்து நாளுக்குள் மறுத்தால் முதல் நாளிலிருந்தே அந்த வீடியோவின் வருமானத்தை யூடியூப் நிறுத்தி வைத்து, கடைசியில் வென்றவருக்குக் கொடுக்கும். ஐந்து நாள் தாண்டினால் மறுத்த நாளிலிருந்துதான் நிறுத்தி வைக்கும், முந்தையது போனது போனதுதான். பங்குனி உத்திரம், சிவராத்திரி சமயத்தில் ஏற்றுபவர்களுக்கு இது உறைக்கும். பார்வை எல்லாம் அந்த முதல் மூன்று நாளில்தானே.

காத்திருக்கும்போது இன்னொன்றும் செய்யலாம். கிளைம் விவரத்தில் இருக்கும் பெயர் பெரும்பாலும் பாடகருடையதாக இருக்காது, ஒரு விநியோக நிறுவனமாக இருக்கும். பல நிறுவனங்கள் தங்கள் தளத்தில் தவறான கிளைமைத் தெரிவிக்க ஒரு படிவம் வைத்திருக்கின்றன. அதே பத்தியை அங்கேயும் போடுங்கள்.

இதெல்லாம் நடக்குமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு: 2021இன் முதல் ஆறு மாதத்தில் Content ID கிளைம்கள் 72 கோடிக்கு மேல், மறுக்கப்பட்டவை சுமார் 22 லட்சம் என்று யூடியூப் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. மறுத்தவற்றில் 60 சதவீதம் வீடியோ ஏற்றியவர் பக்கம் முடிந்தன. மீதி 40ஐயும் பாருங்கள்.

நிராகரித்தால்: அப்பீல், அதன் பிறகு இருக்கும் ஆபத்து

முதல் மறுப்பு நிராகரிக்கப்பட்டால் Appeal என்ற வழி திறக்கும். இங்கே எதிர்த்தரப்புக்கு 7 நாள்தான். ஆனால் இப்போது அவர்கள் கையில் இரண்டே தேர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்: விடுவது, அல்லது வீடியோவை நீக்கக் கோருவது. நீக்கக் கோரி அது செல்லுபடியானால் ஸ்ட்ரைக். சில நேரம் ஏழு நாள் தள்ளிய நீக்கக் கோரிக்கை அனுப்புவார்கள். அந்த ஏழு நாளுக்குள் அப்பீலைத் திரும்பப் பெற்றால் ஸ்ட்ரைக் வராது.

எனவே அப்பீலுக்கு முன் ஒரு கேள்வி. இந்த வீடியோவுக்காக ஒரு ஸ்ட்ரைக் வாங்கி, அதையும் எதிர்த்து நிற்கத் தயாரா? தம்பூரா விஷயத்தில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை, மூலக் கோப்பு இருந்தது, அதனால் போனேன். நான்காவது நாள் கிளைம் விடுவிக்கப்பட்டது. மெட்டு விஷயத்தில் நிராகரித்திருந்தால், ஐயாவை மறுபடி உட்காரவைத்து அந்த ஆல்பத்தைக் கேட்கச் செய்து, “இது பண்முறையேதான், இவர் எதுவும் புதுசா சேர்க்கல” என்று அவர் சொன்ன பிறகே போயிருப்பேன்.

ஸ்ட்ரைக் வந்தே விட்டால், எதிர் அறிவிப்பு என்று ஒன்று கொடுக்கலாம். அதில் உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் எதிர்த்தரப்புக்குப் போகும். அமெரிக்க நீதிமன்ற வரம்புக்குச் சம்மதிப்பதாகவும் கையெழுத்திட வேண்டும். அதன்பின் 10 வேலை நாளுக்குள் அவர்கள் வழக்குத் தொடுத்ததாக ஆதாரம் காட்டாவிட்டால் வீடியோ திரும்பி வரும். பொய்த் தகவல் சொன்னால் சட்டச் சிக்கல் நம் மேல் திரும்பும். இந்தக் கட்டத்தில் பதிப்புரிமை தெரிந்த வக்கீல் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசுவது நல்லது. வீடியோவை அழித்துவிட்டால் ஸ்ட்ரைக் போய்விடும் என்று நினைக்க வேண்டாம், போகாது.

அடுத்த பதிகத்தை ஏற்றும்போது

வீடியோவை ஏற்றும் படிகளில் Checks என்று ஒன்று வரும். வெளியிடுவதற்கு முன்பே பதிப்புரிமைச் சோதனை அங்கே ஓடுகிறது. பல பேர் அது முடியும் வரை காத்திருப்பதில்லை. இப்போது நான் வியாழக்கிழமை இரவே ஏற்றி, தனிப்பட்டதாக வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறேன். காலையில் ஏதாவது கிளைம் இருந்தால் வெள்ளிக்கிழமை மாலைக்குள் பார்த்துக்கொள்ளலாம், ஐந்து நாள் கணக்கும் வீணாவதில்லை.

பதிவிலும் ஒரு மாற்றம் செய்தோம். தம்பூராவை மட்டும் தனியாக முக்கால் நிமிடம் ஓடவிடுவதை நிறுத்திவிட்டோம். பெட்டியை ஓடவிட்டதும் ஐயா ‘திருச்சிற்றம்பலம்’ என்று தொடங்கிவிடுவார். அவர் குரலும் மண்டபத்து மணியும் முதல் விநாடியிலிருந்தே கலந்துவிடுகின்றன. அதற்கு அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “சுருதி நிக்காம எப்படிப்பா எடுக்கிறது?” என்றார். இப்போது பதிவை ஆரம்பிக்கும் முன்பே ஐந்து நிமிடம் பெட்டியை ஓடவிட்டு அவர் சுருதியோடு உட்கார்ந்திருக்கிறார். மைக்கை அதன் பிறகுதான் திறக்கிறேன்.